அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு டிஸ்ப்ளே கார்டும்

2023 மே மாதம் கரூரிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷனைப் படம் பிடித்து அனுப்பினாள். மகள் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருந்தாள். மகன் ஏழாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர், 35 ஆயிரத்துக்குள். படத்துக்குக் கீழே, "இது சரியா இருக்கான்னு பாரு தம்பி. கிராபிக்ஸ் கார்டெல்லாம் போட்டுத் தர்றாங்களாம், புள்ளைங்களுக்கு நல்லதுன்னு சொல்றாங்க" என்று எழுதியிருந்தாள்.

திருச்சியில் ஒரு பாலிடெக்னிக் லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அறுபது கம்ப்யூட்டர்களைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் அன்றாடம். அந்தக் கொட்டேஷனில் என் கண் முதலில் போய் நின்றது புராசசர் பெயரின் கடைசி எழுத்தில்.

அதில் இருந்தவை இவை. ஐ3-12100எஃப் புராசசர் 8,300. எச்610 மதர்போர்டு 6,500. எட்டு ஜிபி ரேம் ஒன்று 1,900. 256 ஜிபி எஸ்எஸ்டி 1,700. ஜிடி 730 நான்கு ஜிபி கிராபிக்ஸ் கார்டு 5,600. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்ந்த கேபினட் 2,300. 22 இன்ச் மானிட்டர் 7,800. கீபோர்டும் மவுசும் 900. கூட்டினால் சரியாக 35 ஆயிரம்.

இன்டெல் புராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்று வந்தால் அதற்குள் கிராபிக்ஸ், அதாவது திரைக்குப் படத்தை உருவாக்கும் பகுதி, கிடையாது. அதே ஐ3-12100 எஃப் இல்லாமலும் கிடைக்கும். அதற்குள் யுஎச்டி 730 என்ற கிராபிக்ஸ் இருக்கும். மற்றபடி இரண்டுக்கும் ஒரே நான்கு கோர், ஒரே வேகம். எஃப் போட்டதில் கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒரு எழுத்துகூட வராது. மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கத்தான் செய்யும், ஆனால் அதிலிருந்து படம் வராது. அப்படியென்றால் அந்தக் கொட்டேஷனில் கார்டு கூடுதல் வசதியாக வரவில்லை. விலை குறைந்த புராசசரைப் போட்டதால் ஏதாவது ஒரு கார்டு கட்டாயமாகிவிட்டது, அந்த இடத்தில் ஜிடி 730 வந்து உட்கார்ந்திருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி நியாயமானது. "கார்டு தனியா இருந்தா நல்லதுதானேடா? உள்ளுக்குள்ளயே இருக்கறதவிட தனியா இருக்கறது பெருசுதானே?"

எல்லோருக்கும் இருக்கிற எண்ணம் இது. பத்து வருடத்துக்கு முன் பெரும்பாலும் உண்மையும்கூட. அன்றைக்குக் கம்ப்யூட்டரோடு வந்த கிராபிக்ஸ் கொஞ்சம் பெரிய விளையாட்டு ஓடினாலே திணறும். ஆனால் ஜிடி 730 என்பதே அந்தக் காலத்துக் கார்டுதான். 2014-இல் வந்தது. இன்னும் புதுப் பெட்டியில் விற்கிறார்கள் என்பதால் புதுச் சரக்கு போலத் தெரிகிறது. உள்ளே இருக்கும் சிப்பின் வடிவமைப்பு கெப்ளர் என்ற தலைமுறை, அதன் தொடக்கமே 2012. அந்தத் தலைமுறை டெஸ்க்டாப் கார்டுகளுக்கான வழக்கமான புது டிரைவர் மென்பொருளை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், அதுவும் 2024 செப்டம்பர் வரை என்று அறிவித்திருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டைத் தாண்டுவதற்குள் அந்தத் தேதி வந்துவிடும்.

படிப்புக்கான கம்ப்யூட்டரில் இதைவிட முக்கியமான விஷயம் வீடியோ. பிள்ளைகளின் படிப்பில் பாதிக்கு மேல் யூடியூப் பாடங்களும் மீட், ஜூம் வகுப்புகளும்தான். யூடியூப் பெரும்பாலான வீடியோக்களை விபி9 அல்லது ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. அதை விரித்துப் படமாக்கும் வேலையை கிராபிக்ஸ் சிப்புக்குள் இருக்கும் தனிப் பகுதி செய்தால் புராசசர் சும்மா இருக்கும். அந்தப் பகுதிக்கு இந்த முறை தெரியாவிட்டால் வேலை முழுவதும் புராசசர் தலையில் விழும். ஜிடி 730-க்கு விபி9 தெரியாது, ஏவி1-உம் தெரியாது. அவை வருவதற்கு முன் உருவான சிப் அது. ஐ3-12100-க்குள் இருக்கும் யுஎச்டி 730-க்கு இரண்டுமே தெரியும். 5,600 ரூபாய் கொடுத்து வாங்கும் கார்டைவிட, புராசசரோடு வரும் கிராபிக்ஸ் அந்தப் பிள்ளைகளின் அன்றாட வேலைக்கு நல்லது. அக்காவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்போ அந்த நாலு ஜிபி?" என்று கேட்டாள். கடையில் அதைத்தான் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

கார்டின் மெமரியைத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் அளவு மட்டும் போதாது, அதிலிருந்து வரும் குழாய் எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். ஜிடி 730-இல் கடைகளில் அதிகம் கிடைக்கும் டிடிஆர்3 வகையில் அந்தக் குழாய் 64 பிட். நொடிக்கு ஏறத்தாழ 14 ஜிபிதான் ஓடும். அந்தக் குழாயை வைத்துக்கொண்டு நான்கு ஜிபி தொட்டியை நிரப்பிப் பயன்படுத்தும் அளவுக்கு அந்தச் சிப்புக்குச் சக்தியும் இல்லை. புராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கம்ப்யூட்டரின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒன்று போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு போட்டால் 51.2 ஜிபி. பெட்டியில் பெரிய எழுத்தில் "4 ஜிபி" என்று இருப்பதைப் பார்த்துக் கார்டு வாங்குவது, குழாயைப் பார்க்காமல் தொட்டியை மட்டும் பார்த்து வீடு கட்டுவது மாதிரி.

அன்று ராத்திரி அந்தக் கொட்டேஷனையே எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். எஃப் இல்லாத ஐ3-12100 அப்போது 10,600 ரூபாய். எஃப்பைவிட 2,300 அதிகம். கார்டை எடுத்துவிட்டால் 5,600 மிச்சம். ஆக 3,300 ரூபாய் கையில் நிற்கிறது. அதில் 1,900-க்கு இன்னொரு எட்டு ஜிபி ரேம். மீதி 1,400-இல் 256 ஜிபி எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்கிவிடலாம். அதே 35 ஆயிரத்தில் ரேம் இரண்டு மடங்கு, சேமிப்பு இரண்டு மடங்கு, வீடியோவும் சீராக ஓடும். குரோமில் பதினைந்து டேப், ஒரு பக்கம் மீட், இன்னொரு பக்கம் பாடப் புத்தகத்தின் பிடிஎஃப் என்று திறந்து வைக்கும் பிள்ளைக்கு எட்டு ஜிபி ரேம் போதவே போதாது. பதினாறு இருந்தால் அந்தக் கவலை இல்லை. மலிவுக் கார்டின் உண்மையான செலவு அந்த ரேம்தான்.

நான் கடைசியில் எடுத்தது ஐ3 இல்லை. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி எடுத்தேன். காரணம் அக்கா மகன். அவனுக்கு மைன்கிராஃப்ட் வேண்டும், அதை மறுக்க எனக்கு மனமில்லை. 5600ஜி-க்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸ் விளையாட்டு விஷயத்தில் யுஎச்டி 730-ஐவிட நன்றாகவே வலுவானது. புராசசரிலும் ஆறு கோர். அப்போதைய விலை 11,400. அதற்கேற்ற பி450 மதர்போர்டு 5,800-க்கே கிடைத்ததால், இரண்டும் சேர்ந்த விலை ஐ3 கூட்டணியை ஒட்டியே வந்தது. இதில் ஒரு குறையும் உண்டு. வேகாவுக்கு விபி9 தெரியும், ஏவி1 தெரியாது. ஏவி1 வீடியோ வந்தால் ஆறு கோரும் சேர்ந்து அதை விரித்துவிடும், தடங்கல் தெரியாது. ஆனால் விளையாட்டே வேண்டாம், வீடியோவும் வகுப்பும் மட்டும்தான் என்கிற வீட்டுக்கு நான் எஃப் இல்லாத ஐ3-ஐத்தான் சொல்வேன்.

ஏஎம்டியிலும் பெயரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, வெறும் 5600-இல் கிடையாது, 5600எக்ஸ்-இலும் கிடையாது. பி450 மதர்போர்டு பழைய சரக்காக இருந்தால் அதன் பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் உள் மென்பொருள், இந்தப் புராசசரை அடையாளம் காணாது. விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். அதனால் கடையிலேயே மாட்டி, மானிட்டரில் பயாஸ் திரை வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1,900-க்கு வெறும் கேபினட், 2,700-க்கு நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் தனியாக. மொத்தம் 37,200 ஆனது. அக்கா சொன்ன வரம்பை 2,200 தாண்டியது. "மேல போன காசுக்கு என்ன காரணம்னு அவருக்குச் சொல்லணுமே" என்றாள். பின்னால் எப்போதாவது கார்டு போட வேண்டி வந்தால் இந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்காது என்று சொன்னேன். கார்டைப் பிறகு சேர்க்கலாம், எஃப் புராசசருக்குள் கிராபிக்ஸைப் பிறகு சேர்க்க முடியாது. அவள் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

இனிச் சொல்வது கவனிக்காமல் விட்டிருந்தால் மொத்தத் தேர்வையும் கெடுத்திருக்கும்.

கம்ப்யூட்டரைக் கரூருக்குக் கொண்டுபோய் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பையன் போனில், "மாமா, மைன்கிராஃப்ட் விட்டு விட்டு ஓடுது" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து `Performance` பக்கத்தில் `Memory`-ஐச் சொடுக்கினேன். வலது கீழ் மூலையில் `Slots used: 1 of 2` என்று இருந்தது. அதற்கு மேலே `Speed` என்ற இடத்தில் 2666. பில்லில் எட்டு ஜிபி ரேம் இரண்டு என்று போட்டிருந்த கடைக்காரர், கையிருப்பில் இல்லையென்று பதினாறு ஜிபி ரேம் ஒன்றாகப் போட்டுவிட்டார். அளவு அதேதான், அவர் ஏமாற்றவும் நினைக்கவில்லை. தனிக் கார்டு போட்ட கம்ப்யூட்டராக இருந்தால் அது பெரிய வித்தியாசமும் இல்லை. ஆனால் ரேமையே கிராபிக்ஸ் மெமரியாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ஒற்றை ரேம் என்றால் குழாய் பாதியாகிவிட்டது என்று பொருள். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பயாஸில் போடாததால் வேகமும் 3200-க்குப் பதில் 2666-இல் நின்றிருந்தது.

மூடியைத் திறக்காமல் இதைத் தெரிந்துகொள்ள பவர்ஷெல்லில் ஒரு வரியும் போதும்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select-Object DeviceLocator, Capacity, Speed, ConfiguredClockSpeed
```

ஒரு வரி பதில் வந்தால் ஒரு ரேம், இரண்டு வரி வந்தால் இரண்டு. கடைசியாக வரும் எண்தான் இப்போது உண்மையில் ஓடும் வேகம்.

மறுநாள் கடைக்குப் பேசி, அந்த ஒன்றைக் கொடுத்து எட்டு ஜிபி இரண்டாக மாற்றி வாங்கினேன். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு துளை உள்ள மதர்போர்டில் இரண்டையும் நிரப்பினால் வேலை முடிந்தது. நான்கு துளை இருந்தால் புராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதுதான் பெரும்பாலான போர்டுகளின் வழக்கம். அருகருகே முதல் இரண்டில் போட்டால் இரண்டு ரேம் இருந்தும் ஒற்றைக் குழாய்தான். பிறகு கம்ப்யூட்டர் எழும்போது டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியைப் போட்டேன். சில போர்டுகளில் அதற்கு `DOCP` என்றும் `A-XMP` என்றும் பெயர் இருக்கும்.

பையன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அதே உலகம், அதே மலை உச்சி, அதே அமைப்பு. ஒற்றை ரேமில் நொடிக்கு 40 சொச்சம் பிரேம் காட்டியது, மாற்றிய பிறகு 60-ஐத் தாண்டியது. எண்ணைவிட அவன் முகம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அக்கா மகளின் சி++ நிரலிலும் ஜியோஜீப்ராவிலும் யூடியூபிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை. அங்கே ஒற்றை ரேமே போதுமாகத்தான் இருந்தது. கிராபிக்ஸ் உண்மையிலேயே உழைக்கும் இடத்தில்தான் இது வெளியே தெரியும்.

அன்றே இன்னொன்றையும் சரி செய்தேன். விண்டோஸின் `About` பக்கத்தில் `16.0 GB (13.9 GB usable)` என்று காட்டியது. "ரெண்டு ஜிபி எங்க போச்சு மாமா?" என்று அக்கா மகள்தான் முதலில் கவனித்துக் கேட்டாள். பயாஸில் `UMA Frame Buffer Size` என்ற இடத்தில் 2 ஜிபியை கிராபிக்ஸுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அப்படி ஒதுக்கினால் கிராபிக்ஸ் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அந்த ரேம் மற்ற வேலைக்குக் கிடைக்காது. அதை 512 எம்பியாகக் குறைத்தேன். தேவைப்படும்போது விண்டோஸே மீதி ரேமில் பாதி வரை கிராபிக்ஸுக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சில விளையாட்டுகள் மட்டும் தொடக்கத்திலேயே ஒதுக்கிய அளவைப் பார்த்து, போதாது என்று மறுக்கும். அப்படி ஒன்று வந்தால் அப்போது கூட்டிக்கொள்ளலாம். எட்டு ஜிபி மட்டுமே உள்ள வீடுகளில் இந்த இரண்டு ஜிபி பெரிய இழப்பு, முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்த ஒன்றேகால் வருடத்தில் கிராபிக்ஸைக் குறை சொல்லி வந்த போன் ஒன்றே ஒன்றுதான். 2024 ஆகஸ்டு. "ஆன்லைன் டியூஷன்ல படம் நின்னு நின்னு வருதுடா. அன்னிக்கே கார்டு போட்டிருக்கணுமோ?" என்றாள் அக்கா. குரலில் வருத்தம் இருந்தது. வகுப்பு நடக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். புராசசர் 30 சதவீதத்துக்குக் கீழே, கிராபிக்ஸைக் காட்டும் `GPU` 20-ஐ ஒட்டி, ரேமில் பாதி காலி. மூன்றுமே ஓய்வாக இருக்கும்போது படம் நின்றால் குற்றம் கம்ப்யூட்டரில் இல்லை. மாடம் முன் அறையில், கம்ப்யூட்டர் பின் அறையில், நடுவில் இரண்டு சுவர், பின்னால் செருகிய சின்ன வைஃபை டாங்கிள். பதினைந்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி நிலைப்படி ஓரமாக அடித்து இழுக்கச் சொன்னேன். அன்று மாலையே சரியாகிவிட்டது. அந்த வாரம் ஒரு கார்டு வாங்கிப் போட்டிருந்தால் காசும் போய் வகுப்பும் நின்று நின்றேதான் வந்திருக்கும்.

கார்டு தேவையா என்று பார்க்க நான் எங்கள் லேபிலும் இதையேதான் செய்கிறேன். கம்ப்யூட்டர் திணறும் அந்த நேரத்திலேயே டாஸ்க் மேனேஜரைப் பார்ப்பது. `GPU` பக்கத்தில் `3D` என்ற வரைபடம் 95, 100 என்று முட்டிக்கொண்டு நின்று, புராசசர் பாதி ஓய்வில் இருந்தால் கிராபிக்ஸ்தான் தடை. `Memory` 90-ஐத் தாண்டினால் ரேம் வேண்டும். `Disk` 100-இல் நின்றால் பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்ற வேண்டும். யூடியூப் மட்டும் இழுத்தால் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து `Stats for nerds` பார்க்கலாம். அதில் `Codecs` என்ற வரியில் `vp09` அல்லது `av01` என்று இருக்கும். அந்த நேரம் `GPU` பக்கத்தின் `Video Decode` வரைபடம் அசையாமல் தரையில் கிடந்தால், வீடியோவைப் புராசசர்தான் சுமக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சில சமயம் சிப்புக்குத் தெரிந்தும் பிரவுசர் பயன்படுத்தாமல் இருக்கும். `chrome://gpu` என்று தட்டினால் `Video Decode` என்ற இடத்தில் `Hardware accelerated` என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரைவரைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் சரியாகும்.

கார்டு உண்மையிலேயே தேவைப்பட்ட நாளும் வந்தது. 2025-இல் அக்கா மகள் பன்னிரண்டு முடித்து, டிசைன் படிப்பில் சேர்ந்தாள். இரண்டாவது மாதமே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் வந்துவிட்டது. உருவங்களைச் செதுக்குவதும் திருப்பிப் பார்ப்பதும் வேகாவிலேயே தாராளமாக ஓடின. கடைசியில் படமாக மாற்றும் ரெண்டரில்தான் சிக்கல். பிளெண்டரில் ரெண்டர் செய்யும் சைக்கிள்ஸ் என்ற பகுதி அந்த வேலைக்கு 5600ஜி-யின் கிராபிக்ஸை எடுத்துக்கொள்ளவில்லை, முழுவதும் புராசசரில் ஓட்டியது. ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு மேசை விளக்கு. ஒரே ஒரு படத்துக்குப் பத்தொன்பது நிமிடம். விளக்கை இரண்டு அங்குலம் தள்ளிவைத்து எப்படி இருக்கிறதென்று பார்க்க மறுபடி பத்தொன்பது நிமிடம். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய பாடத்துக்காக ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தாள் என்று அக்கா சொன்னபோது, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்த்தது மின்சாரம். ஆர்டிஎக்ஸ் 3050-இன் ஆறு ஜிபி வகை 70 வாட்தான் எடுக்கும். மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ துளையே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் தேவைப்படவில்லை. பெயரில் கவனம் வேண்டும். எட்டு ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 வேறு, அதற்கு 130 வாட், தனி ஒயரும் வேண்டும். அடுத்து, அந்தக் கார்டு துளையில் எத்தனை டேட்டா பாதையைப் பயன்படுத்துகிறது என்று பார்த்தேன். 5600ஜி பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில்தான் பேசும். ஆர்எக்ஸ் 6400 போன்ற சில மலிவுக் கார்டுகள் நான்கு பாதையை மட்டுமே பயன்படுத்துபவை, நான்காம் தலைமுறை போர்டை நினைத்துச் செய்தவை. மூன்றாம் தலைமுறையில் மாட்டினால் அவற்றின் போக்குவரத்து பாதியாகும். 3050-க்கு எட்டுப் பாதை இருப்பதால் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. பிளெண்டருக்கு என்விடியா வசதி என்பதும், ஆறு ஜிபி மெமரிக்குள் கல்லூரிப் பாடங்களின் காட்சிகள் அடங்கும் என்பதும் மற்ற காரணங்கள். அப்போது பதினாறாயிரத்தைச் சற்றுத் தாண்டியது.

பழைய கார்டு ஒன்றைப் பாதி விலையில் தருவதாக ஒருவர் சொன்னார், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. மறுத்துவிட்டேன். அந்தப் பாஸ்கல் தலைமுறைக்கும் வழக்கமான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடியும் என்று என்விடியா அறிவித்திருந்தது. நான்கு வருடப் படிப்பின் முதல் வருடத்தில் அதை வாங்குவதில் பொருளில்லை.

மாட்டுவதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கேபினட்டின் பின் தகட்டில் இரண்டு பட்டையைக் கழற்றி, கார்டை அழுத்திச் செருகி, ஒரு திருகு. ஆனால் மறுநாள் காலையிலேயே போன் வந்தது. "மாமா, அதே பத்தொன்பது நிமிஷம்தான் ஆகுது." பிளெண்டரில் `Edit`, `Preferences`, `System` போய் `OptiX`-ஐத் தேர்ந்தெடுத்து, கார்டின் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். அதோடு ரெண்டர் பக்கத்தில் `Device` என்ற இடத்தை `GPU Compute` ஆக்க வேண்டும். இரண்டையும் செய்யாவிட்டால் கார்டு இருந்தும் புராசசர்தான் உழைக்கும். போனிலேயே சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தேன். அந்த அறையும் ஜன்னலும் விளக்கும் நான்கு நிமிடத்துக்குள் வந்தன.

அன்று மாலை பையன் கூப்பிட்டான். மைன்கிராஃப்ட் முன்பு போலத்தான் ஓடுகிறது, கார்டு வேலை செய்யவில்லையா என்று கேட்டான். வீட்டைப் பெருக்கும்போது கம்ப்யூட்டரை நகர்த்தியிருக்கிறார்கள். திரும்ப வைக்கும்போது மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளைப் பழகிய கையோடு மதர்போர்டில் செருகிவிட்டார்கள். படம் வருகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஆனால் வருவது வேகாவிலிருந்து. பின்னால் கீழே, படுக்கை வாக்கில் இருக்கும் துளைதான் கார்டின் துளை, அதில் மாற்றிச் செருகு என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை, கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.